இருபது நாள் விடுப்பும் ஆறு மாத மருந்தும்

எம்.டி., எம்.எஸ். படிக்கும் மருத்துவருக்கு ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. கருத்தரங்கு போன்ற கல்விப் பணிகளுக்கு இன்னும் 5 நாள். நோயாளிகளின் கூட்டம் அனுமதித்தால் வாரம் ஒரு நாள் ஓய்வு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் சொல்வது இவ்வளவுதான். அதே மருத்துவர் வார்டில் பார்க்கும் சாதாரண நுரையீரல் காசநோய்க்கு, மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால்கூட, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இந்த இரண்டு கணக்கும் ஒரே ஆளிடம் வந்து சேரும்போது என்ன செய்வது என்பது பல பி.ஜி. மாணவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளும் அவசியமும் நோய் வரும்வரை யாருக்கும் தோன்றுவதில்லை.

காசநோயை எடுத்துக்காட்டாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற நோய்கள் பயிற்சி மருத்துவருக்கு எங்கிருந்தோ வருகின்றன. இது பெரும்பாலும் பணியிடத்திலிருந்தே வருகிறது. கூட்டம் நிறைந்த வார்டு, சரியான காற்றோட்டம் இல்லாத டியூட்டி அறை, தூக்கமின்மை, நேரத்துக்குச் சாப்பிடாத வயிறு எல்லாம் ஒன்றுசேர்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள் என்று நோயாளிகளிடம் நாள் முழுக்கச் சொல்பவர், தன் இருமலுக்கு மட்டும் 'ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை' என்று பெயர் வைத்துக்கொள்கிறார். மகாராஷ்டிரத்தில் உறைவிட மருத்துவர்களின் சங்கமான மார்ட், காசநோய் விடுப்பையும் மகப்பேறு விடுப்பையும் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துப் போராட வேண்டியிருந்தது. ஒரு நோயின் பெயரிலேயே விடுப்புக் கேட்கும் அளவுக்கு அது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் டலீன் வான் டெல்ஃப்ட் கதை மருத்துவ உலகம் அறிந்தது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் அவருக்கு 2010ஆம் ஆண்டு இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டபோது அவர் இளம் மருத்துவர். அன்றைய சிகிச்சையில் இருந்த ஊசி மருந்து காது கேட்கும் திறனைப் பறிக்கக்கூடியது. ஸ்டெதாஸ்கோப்பை நம்பித் தொழில் செய்பவருக்கு அது பிழைத்தும் பிழைக்காத நிலை. அப்போது சந்தைக்கு வராத பெடாகுவிலின் என்ற மருந்து சிறப்பு அனுமதியில் கிடைத்ததால் அவர் காதும் தப்பியது, அவரும் தப்பினார். பிறகு மருத்துவப் பணியாளர்களுக்குக் காசநோய் தொற்றுவதைத் தடுக்க 'டி.பி. புரூஃப்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

இனி நம் ஊர்க் காரியத்துக்கு வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. பொது மருத்துவம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவர் ஒரு ஜனவரி முதல் தேதி சேர்ந்ததாகவும், மூன்றாம் ஆண்டு டிசம்பர் 31 அன்று பயிற்சி முடிவதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு மார்ச் 10 அன்று அவருடைய சளியில் காசநோய்க் கிருமி இருப்பது மூலக்கூறுப் பரிசோதனையில் தெரிகிறது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. அந்த ஆண்டில் அதுவரை அவர் எடுத்திருப்பது 6 நாள் விடுப்பு.

முதல் கேள்வி, எத்தனை நாள் கேட்பது?

ஆறு மாத மருந்து என்றதும் ஆறு மாத விடுப்பு என்று வீட்டில் நினைப்பார்கள். அம்மாக்கள் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் மருந்து சாப்பிடும் காலமும் வேலை செய்ய முடியாத காலமும் ஒன்றல்ல. இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே சென்னைதான். 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தும், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்தும் சிகிச்சை கொடுத்தார்கள். நல்ல சாப்பாடும் முழு ஓய்வும் கிடைத்தவர்களுக்கும், வீட்டில் இருந்த ஏழைகளுக்கும் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சானடோரியங்களின் தேவையையே கேள்விக்கு உள்ளாக்கியது. அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

ஆகவே நம் மாணவி கேட்க வேண்டியது, தொற்றுத் தன்மை அடங்கி உடலில் தெம்பு திரும்பும்வரையிலான காலம். சரியான மருந்து தொடங்கிய இரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் புற்றுநோய் நோயாளிகளும் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களும் படுத்திருக்கும் வார்டுக்குத் திரும்புகிறவர் என்பதால், சளிப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சிகிச்சை தரும் மருத்துவர் அனுப்புவார். அவர் 30 நாள் ஓய்வுக்குச் சான்று தருகிறார். 30 நாள் முடியும் முன் மறுபரிசோதனை என்றும் அதில் எழுதுகிறார். அந்த ஒரு வரி பின்னால் பெரிதும் உதவும்.

ஏனென்றால் மூன்றாவது வாரம் மாணவிக்கு வாந்தி தொடங்குகிறது. கண் மஞ்சளாகிறது. முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அறிகுறிகள் இருக்கும்போது கல்லீரல் என்சைம் அளவு இயல்பின் உச்சவரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால், அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கைத் தாண்டினால், மருந்தை நிறுத்த வேண்டும். அளவு இறங்கியபின் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கே பல வாரம் போய்விடும். 30 நாள் என்று கேட்டது 90 நாளாகிறது: மார்ச் 10 முதல் ஜூன் 7 வரை.

தொடக்கத்திலேயே ஆறு மாதம் கேட்டிருந்தால் கல்லூரி தயங்கியிருக்கும். 30 நாள் கேட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு நீட்டிப்புக் கேட்டதால் கோப்பில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அந்தத் தொடர்ச்சி அறுபடும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் சான்று ஏப்ரல் 8 அன்று முடிகிறது. இரண்டாவது சான்று ஏப்ரல் 14 முதல் தொடங்குகிறது என்றால், நடுவில் உள்ள ஐந்து நாள் அனுமதியற்ற வராமை. அந்த ஐந்து நாளும் அவர் வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார் என்பது கோப்புக்குத் தெரியாது.

கடிதம் போகும் வழியும் முக்கியம். மாணவி எழுதுவது டீனுக்குத்தான். ஆனால் அது யூனிட் சீஃப், துறைத் தலைவர் வழியாகப் பரிந்துரையோடு போக வேண்டும். பயிற்சிக் காலம் நீளும் என்றால் கல்லூரி அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'எச்.ஓ.டி. சார் சரின்னுட்டார்' என்பது வழக்கமாகக் கேட்கும் பேச்சு. சார் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் சார் மாறுதலாகிப் போயிருப்பார், வாய்மொழி அனுமதியும் அவரோடு போயிருக்கும். பழைய காலத்தில் கூடப் படிப்பவர்கள் வருகைப் பதிவேட்டைச் சமாளித்துவிடுவார்கள் என்று மூத்தவர்கள் கதை சொல்வதுண்டு. கைரேகைக் கருவியும் முகப்பதிவும் வந்துவிட்ட கல்லூரிகளில் அந்தக் கதைக்கு இடமில்லை. அப்படிச் செய்வது உதவியும் இல்லை, மோசடி. ஆகவே கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, பதிவு எண்ணும் தேதியும் முத்திரையும் உள்ள நகலை வாங்கி வைத்துக்கொள்வது மாத்திரையை நேரத்துக்குப் போடுவது போலவே அவசியம்.

நோயின் பெயரை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது தனிக் கேள்வி. மேற்கடிதத்தில் 'மருத்துவக் காரணம்' என்று மட்டும் எழுதி, சான்றையும் பரிசோதனை அறிக்கைகளையும் மூடிய உறையில் டீனின் பார்வைக்கு வைக்கலாம். பத்து மேசை தாண்டும் கடிதத்தில் சளிப் பரிசோதனை முடிவு இருக்க வேண்டியதில்லை. காசநோயில் ஒரு கூடுதல் கடமை உண்டு. 2012 முதல் இந்தியாவில் ஒவ்வொரு காசநோயாளி குறித்தும் அரசுக்குத் தகவல் தர வேண்டியது கட்டாயம். விடுதியில் அதே அறையில் தூங்கியவரையும் டியூட்டி அறையைப் பகிர்ந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். அதனால் நண்பர்களிடம் முழுதாக மறைப்பது முடியவும் முடியாது, சரியும் இல்லை. மனநோய்க்காக விடுப்பு எடுப்பவருக்கு நிலைமை வேறு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தன் நோய் பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அவருக்குத் தருகிறது.

இதுவரை சொன்னது விடுப்புக்கான பாதி. கடிதத்தின் மறுபாதியைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. எவ்வளவு துன்பப்பட்டோம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, 'விடுபட்ட பயிற்சியை நல்ல முறையில் முடிப்பேன் என உறுதியளிக்கிறேன்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். டீன் அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேண்டியது அந்தக் கடைசி வரியின் விரிவுதான். எந்த நாளில் திரும்புவார், எத்தனை நாள் கூடுதலாக வேலை செய்வார், எந்தப் பணிகள் விடுபட்டன, அவை எந்த மாதத்தில் நடக்கும், தேர்வு எப்போது?

நாள் கணக்கைப் பார்ப்போம். அனுமதிக்கப்பட்டதைவிட எத்தனை நாள் கூடுதலாக விடுப்பு எடுக்கிறாரோ, அத்தனை நாள் பயிற்சி நீளும் என்பதே விதி. மாணவி எடுத்தது 90 நாள். அந்த ஆண்டின் தற்செயல் விடுப்பில் மீதி 14 நாள். அதை ஈடுகட்ட அனுமதித்தால் மிச்சம் 76. ஆக, டிசம்பர் 31 அன்று முடிய வேண்டிய பயிற்சி அடுத்த மார்ச் 17 அன்று முடியும். இதில் ஒரு சிக்கல்: 14 நாளையும் நோய்க்கே கொடுத்துவிட்டால், ஜூன் முதல் டிசம்பர் வரை காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் ஒரு நாள் விடுப்புகூடக் கையில் இருக்காது. மருந்து இன்னும் பல மாதம் தொடரும் ஒருவருக்கு அது ஆபத்தான சிக்கனம். ஐந்து நாளையாவது மிச்சம் வைத்துக்கொண்டு, மார்ச் 22 வரை வேலை செய்வதற்கு ஒப்புக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது வருகைப் பதிவு. தேர்வு எழுத 80 சதவீதம் வேண்டும். எளிமைக்காக வார ஓய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 365 நாளில் 80 சதவீதம் என்பது 292. நம் மாணவி அந்த ஆண்டில் 6 நாளும் 90 நாளும் சேர்த்து 96 நாள் வரவில்லை. இருந்தது 269 நாள். அதாவது 73.7 சதவீதம். ஆண்டுவாரியாகப் பார்த்தால் 23 நாள் குறைகிறது. மூன்று ஆண்டையும் சேர்த்துப் பார்த்தாலோ, மற்ற இரு ஆண்டுகளிலும் 20 நாள் முழுவதையும் எடுத்திருந்தாலும் 87 சதவீதத்தைத் தாண்டுகிறார். எந்த முறையில் கணக்கிடுவார்கள், நீட்டிப்பில் வேலை செய்யும் நாட்கள் அந்த 23 நாளை ஈடுகட்டுமா என்பதைக் கல்லூரியின் கல்விப் பிரிவிடம் விடுப்பில் இருக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு கேட்டால் யாரும் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல மாட்டார்கள்.

விடுபட்ட பணிகளில் பெரியது மாவட்ட உறைவிடப் பயிற்சி. ஒவ்வொரு பி.ஜி.யும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்ய வேண்டும். அதை மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் பருவத்தில் முடிக்க வேண்டும். நம் மாணவிக்கு அது ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பருவம் அது. நல்லவேளையாக இன்னும் இரண்டு பருவம் மிச்சம் இருக்கிறது. நான்காம் பருவத்திலேயே போட்டுவிடலாமா? திரும்பிய கையோடு புது ஊர், புது விடுதி, புது மேலதிகாரி. கல்லீரல் பரிசோதனைக்கு அடிக்கடி வர வேண்டிய காலம் வேறு. ஐந்தாம் பருவத்தின் தொடக்கம், அதாவது மூன்றாம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை, பொருத்தமாகத் தெரிகிறது. அதற்குள் சிகிச்சை முடிந்திருக்கும் அல்லது முடிவை நெருங்கியிருக்கும். ஆனால் இந்த இடமாற்றத்தை அப்போதே கேட்டு வாங்க வேண்டும். அந்தக் காலாண்டில் வேறு மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள். யாரையாவது முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கழுத்தைப் பிடிப்பது ஆய்வேடு.

தேர்வுக்கு ஆறு மாதம் முன்பு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். நம் மாணவியின் ஆய்வுக்கு 100 நோயாளிகள் தேவை. முதலாண்டு ஜூலையில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்தது முதல் மார்ச் 10 வரை எட்டு மாதத்தில் 41 பேரைச் சேர்த்திருக்கிறார். மாதத்துக்குச் சுமார் ஐந்து பேர். மிச்சம் 59 பேர். அதே வேகத்தில் இன்னும் பன்னிரண்டு மாதம் வேண்டும். ஜூன் 8 அன்று திரும்பித் தொடங்கினால் அடுத்த ஜூன் ஆகிவிடும். நடுவில் மூன்று மாதம் மாவட்டத்துக்குப் போய்விடுவதால் செப்டம்பர். பயிற்சி மார்ச் 17 அன்று முடிந்து, அதையொட்டித் தேர்வு வந்தால் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியதும் அதே செப்டம்பர். கடைசி நோயாளியைச் சேர்க்கும் நாளும் புத்தகத்தைக் கட்டிக் கொடுக்கும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. கணக்குப் போடாமல் 'முடித்துவிடுவேன்' என்று உறுதியளித்தவர் இந்தச் சுவரில் அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் முட்டுவார்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாணவி மாவட்டத்தில் இருக்கும் மூன்று மாதமும் இங்கே வேறொருவர் நோயாளிகளைச் சேர்ப்பது. இதை நட்பின் பேரில் செய்யக் கூடாது. நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட ஆய்வாளர் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் நோயாளியிடம் ஒப்புதல் படிவம் வாங்குவது விதிமீறல். அப்படிச் சேர்த்த தரவை வழிகாட்டியே நீக்கச் சொல்லலாம். இணை ஆய்வாளராக ஒருவரைச் சேர்க்கும்படி குழுவுக்குத் திருத்தம் அனுப்பி, ஒப்புதல் வந்தபின்தான் அவர் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் 59 பேரும் ஜூன் தொடக்கத்தில் முடிவார்கள். ஜூனும் ஜூலையும் பகுப்பாய்வு, ஆகஸ்ட் எழுத்து, செப்டம்பர் முதல் வாரம் சமர்ப்பிப்பு. இன்னொரு வழி, புள்ளியியல் வல்லுநரிடம் காட்டி, ஆய்வின் கேள்விக்குச் சேதமில்லாமல் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது. நோய் வந்துவிட்டது என்பது எண்ணிக்கையைக் குறைக்கக் காரணம் ஆகாது. கணக்கு இடம் கொடுத்தால்தான் குழு ஏற்கும். இரண்டில் எதுவானாலும், ஆய்வு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நின்றிருந்தது என்பதைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்தால் கடிதத்தின் இரண்டாம் பக்கம் தானாகவே எழுதப்பட்டுவிடும். நடைமுறையில் அது ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு, மார்ச் 10 முதல் ஜூன் 7 வரையிலான 90 நாள் மருத்துவ விடுப்பை முறைப்படுத்தித் தருமாறு வேண்டுகிறேன். சான்றுகள் இடைவெளியின்றி மூடிய உறையில் இணைக்கப்பட்டுள்ளன. ஜூன் 8 அன்று தகுதிச் சான்றுடன் பணியில் சேர உள்ளேன். தற்செயல் விடுப்பில் 9 நாளை ஈடுகட்டி, மீதி 81 நாள் பயிற்சியை நீட்டிக்கச் சம்மதிக்கிறேன்; அதன்படி என் பயிற்சி மார்ச் 22 அன்று நிறைவடையும். விடுபட்ட மாவட்ட உறைவிடப் பயிற்சியை ஜனவரி முதல் மார்ச் வரை ஒதுக்கித் தர வேண்டுகிறேன். ஆய்வுக்கு இணை ஆய்வாளரைச் சேர்க்கும் திருத்தம் வழிகாட்டியின் ஒப்புதலுடன் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பேன். விடுபட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுப் பணியை நீட்டிப்புக் காலத்தில் செய்கிறேன். வருகைப் பதிவு, தேர்வுப் பருவம், நீட்டிப்புக் கால உதவித்தொகை ஆகியவை குறித்த தங்கள் உத்தரவை எழுத்து மூலம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் கெஞ்சல் இல்லை என்பதைக் கவனிக்கலாம். அலுவலக உதவியாளர் இதைப் படித்தவுடன் குறிப்புக் கோப்பு எழுதிவிட முடியும். துறைத் தலைவருக்கும் கையெழுத்துப் போடுவதில் தயக்கம் வராது. அவர் முடிவு செய்ய வேண்டிய இடங்கள் எவை என்று கடிதமே காட்டிவிடுகிறது.

தனியார் மருத்துவமனைகளிலும் சில அரசு மருத்துவமனைகளிலும் டி.என்.பி. படிப்பவர்களுக்கு விதி வேறு, சற்றுக் கறாரானது. தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு 30 நாள் விடுப்புத் தருகிறது. ஓராண்டு விடுப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றாலும், நீண்ட நோய் போன்ற அசாதாரண நிலையில் பல ஆண்டு விடுப்பையும் முன் அனுமதியுடன் சேர்த்து எடுக்க இடம் உண்டு. அதற்கும் மேல் போனால் நீட்டிப்புக்கான வேண்டுகோளை நிறுவனத் தலைவர், சேர்ந்த நாள் முதலான விடுப்புப் பட்டியலோடு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். நீட்டிப்பு தானாகக் கிடைப்பதில்லை என்று வாரியம் எழுதியே வைத்திருக்கிறது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: சிகிச்சையைத் தான் பயிலும் மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்வதைத்தான் வாரியம் எதிர்பார்க்கிறது. வேறு இடத்தில் எடுத்தால் அந்தச் சான்றுகளை நிறுவனத் தலைவர் உறுதிசெய்ய வேண்டும். ஊருக்குப் போய் அப்பாவின் நண்பரான டாக்டரிடம் சிகிச்சை எடுத்துக்கொண்டு, அவர் கையெழுத்தோடு திரும்புகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அனுமதியில்லாமல் ஏழு நாளுக்கு மேல் வராவிட்டால் பதிவையே ரத்து செய்யவும் வாரியத்துக்கு வழி இருக்கிறது.

பிற நாடுகள் இதை எப்படிப் பார்க்கின்றன? பிரிட்டனில் 2013 முதல், ஓராண்டில் விடுப்புக்கும் படிப்புக்கும் அப்பால் 14 நாளுக்கு மேல் வராதிருந்தால், பயிற்சி முடியும் தேதியை மாற்ற வேண்டுமா என்று பரிசீலிப்பார்கள். பரிசீலனைதான், நாளுக்கு நாள் நீட்டிப்பு என்று கட்டாயமில்லை. அவர் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டாரா என்பதே அங்கே கேள்வி. அமெரிக்காவில் மருத்துவச் சிறப்புத் தகுதி வாரியங்களின் கூட்டமைப்பு, 2021 முதல், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ நீளும் பயிற்சிகளில் ஒரு முறையாவது ஆறு வாரம் நோய்க்கோ குழந்தைக்கோ விடுப்பு எடுக்க இடம் தர வேண்டும் என்று தன் உறுப்பு வாரியங்களைக் கேட்டுக்கொண்டது. இந்திய விதி நாட்களை எண்ணுகிறது. திறனை அளக்கும் முறை வந்தால் நம் மாணவியின் 81 நாள் 40 நாளாகவும் குறையலாம். ஆனால் அந்த வாதத்தைத் தனிப்பட்ட விடுப்புக் கடிதத்தில் வைத்துப் பயனில்லை.

ஜூன் 8 அன்று அவர் திரும்புகிறார். தகுதிச் சான்றோடு, பணியில் சேர்ந்ததற்கான கடிதத்தையும் அன்றே கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காகிதத்தில் அவர் இன்னும் விடுப்பில்தான் இருக்கிறார். பி.ஜி. பயிற்சி இங்கே முழுநேரம்தான். பாதி நாள் வேலை என்ற ஏற்பாடு விதியில் இல்லை. ஆனால் தகுதிச் சான்றிலேயே 'நான்கு வாரத்துக்கு இரவுப் பணி தவிர்க்கவும், சளிப் பரிசோதனை அறிகுறி உள்ள நோயாளிகளுக்கான வார்டுப் பணி தவிர்க்கவும்' என்று சிகிச்சை தந்தவர் எழுதினால், துறைத் தலைவர் டியூட்டிப் பட்டியலை அதற்கேற்ப அமைக்க முடியும். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல், உறைவிட மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், பல துறைகளில் டியூட்டிப் பட்டியல் அதைக் கண்டுகொள்வதில்லை. கல்லீரல் ஒரு முறை மிரட்டிய ஆளுக்கு, முதல் மாதம் அந்த எண்ணையாவது மனதில் வைத்துப் பட்டியல் போடுமாறு கேட்பது நியாயம்தான். இரவுப் பணியை ஏற்றுக்கொள்ளும் சக மாணவர்கள் முணுமுணுப்பார்கள். நீட்டிப்புக் காலத்தில், அவர்கள் எல்லாரும் தேர்வை முடித்துப் போனபின், அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து அந்த இரவுகளை அவர் பார்க்கத்தான் போகிறார்.

மிச்சம் இருப்பது தேர்வுப் பருவம். பல்கலைக்கழகத் தேர்வு அவரவர் பயிற்சி முடியும் நாளில் நடப்பதில்லை; ஆண்டில் குறிப்பிட்ட பருவங்களில்தான் நடக்கும். தன் பேட்ச் தேர்வு எழுதும் பருவத்துக்கு மாணவியின் பயிற்சி நாட்கள் போதவில்லை என்றால், 81 நாள் நீட்டிப்பு நடைமுறையில் அடுத்த தேர்வுவரை நீண்டுவிடும். தேர்ச்சி தள்ளிப்போனால் உயர்சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். தேர்வின் தகுதித் தேதியும் கைநழுவலாம். அந்தத் தேர்வுக்கு முதுநிலைப் படிப்பைக் குறிப்பிட்ட தேதிக்குள் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இதயவியலோ நரம்பியலோ படிக்க நினைப்பவருக்கு மூன்று மாத நோய் ஓராண்டாக மாறுவது இந்த இடத்தில்தான். பேட்ச்சோடு தேர்வு எழுதிவிட்டு, நீட்டிப்பு நாட்களைத் தேர்வுக்குப்பின் வேலை செய்து முடிக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்குமா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். மறுத்தால், மறுப்பு கையில் வந்த அன்றே அடுத்த பருவத்துக்கான படிப்பு அட்டவணையையும், நீட்டிப்புக் காலத்தில் உதவித்தொகை வராவிட்டால் விடுதிக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்ற கணக்கையும் போடத் தொடங்கிவிடலாம்.